தூணோரத்து இடமும் பதினொரு மாதமும்

எங்கள் குடியிருப்பின் தரைத்தளம் முழுவதும் தூண்கள்தான். தூண்களுக்கு நடுவே மஞ்சள் கோடு போட்டு, ஒவ்வொரு வீட்டு எண்ணையும் தரையில் எழுதியிருப்பார்கள். எங்கள் எண் கடைசித் தூணுக்கும் லிப்டுக்கும் இடையில் இருந்தது. மூலை இடம் என்பதால் மற்ற இடங்களைவிடச் சற்று அகலம். மழைச் சாரல் வராது, வெயிலும் எட்டாது. அங்கிருந்து லிப்டுக்குப் படி ஏற வேண்டாம், சின்னச் சரிவு ஒன்றுதான். வீடு வாங்கும்போது பில்டர் இதையெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் அந்த இடத்துக்குத் தனியாக ஒரு தொகை வாங்கினார்.

எங்களிடம் கார் கிடையாது. என் வீட்டுக்காரர் சவூதியில் தம்மாமில் வேலையில் இருந்தார். மகளைக் கடையநல்லூரில் கட்டிக் கொடுத்துவிட்டோம். மேலப்பாளையத்துக் குடும்ப வீட்டைப் பங்கு பிரித்த பிறகு, பாளையங்கோட்டையில் இந்த வீட்டை வாங்கி என்னைக் குடிவைத்தார். "ஊருக்கு வந்து உக்காரும்போது ஒரு கார் வாங்குவோம்" என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் சொல்வார். அந்தக் காருக்காக அந்த இடம் காலியாகவே கிடந்தது. வாட்ச்மேன் தன் சைக்கிளை அதில் நிறுத்திக்கொள்வார். நான் ஒன்றும் சொன்னதில்லை.

எனக்கு ஆட்களோடு பேசுவதென்றால் சிறு வயதிலிருந்தே கூச்சம். லிப்டில் யாராவது இருந்தால் படியில் ஏறிப் போய்விடுவேன். அதனால் இரண்டாவது மாடி அண்ணாச்சியும் அவர் வீட்டம்மாவும் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்தபோது, அவர்களை எங்கே உட்காரவைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மார்க்கெட்டில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர் அவர். அவர்களுடைய பழைய காருக்கு ஏற்கனவே ஒரு இடம் உண்டு.

"தங்கச்சி, புதுக் கார் ஒண்ணு புக் பண்ணியிருக்கேன். வெளிய நிறுத்துனா வேப்பமரத்துக் காக்கா அதுல கணக்கு எழுதிப்புடும். உங்க இடம் சும்மாதான கெடக்கு? வாடகைக்குத் தாங்க."

"அவுகள்ட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

"கேளுங்க, கேளுங்க. எங்க வீட்லயும் அப்படித்தான். நான் இவள்ட்ட கேட்டுட்டுத்தான் புக் பண்ணுனேன்" என்றார். அந்த அம்மா சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல மனுசர்கள் என்றுதான் தோன்றியது.

இரவு போனில் சொன்னேன். என் வீட்டுக்காரர் உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் வாய்ச்சொல்லாக விடக் கூடாது, கடிதம் எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்றார். அவர் தங்கியிருந்த இடத்தில் யாரோ யாருடைய கட்டிலையோ வாய்ச்சொல்லாக வாடகைக்கு விட்டு அடிதடி ஆகியிருந்ததாம். "நான் சொல்லுதேன், நீ எழுதுளா" என்றார். கோடு போட்ட தாள் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்தாவதுக்குப் பிறகு நான் முழுசாக எழுதிய முதல் தாள் அதுதான்.

எனக்குப் பாத்தியப்பட்ட மூடிய கார் நிறுத்துமிடத்தை இன்ன வீட்டில் குடியிருக்கும் தங்களுக்குப் பதினொரு மாத காலத்துக்கு வாடகைக்கு விடுகிறேன் என்று ஆரம்பித்தது கடிதம். பதினொரு மாதத்தைத் தாண்டி எழுதினால் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போக வேண்டியிருக்கும் என்பதால், வீட்டு வாடகைக்கும் கடை வாடகைக்கும் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். வாடகை ஆங்கில மாதம் ஐந்தாம் தேதிக்குள். குடியிருப்போர் சங்கத்துக்குக் கட்டும் பராமரிப்புத் தொகை எங்களுடையது. அவர்கள் எடுக்கப்போகும் புதுக் கார் ஒன்று மட்டும் நிற்க வேண்டும், அது மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. வேறு ஆளுக்கு உள்வாடகைக்கு விடக் கூடாது. கேஸ் சிலிண்டர், பெயிண்ட் டப்பா, கடைச் சாமான் எதுவும் போட்டுவைக்கக் கூடாது. அங்கே வைத்து வண்டி ரிப்பேர் பார்க்கக் கூடாது.

"இன்னொண்ணும் எழுது. காரைத் தவிர வேற வண்டி எதுவும் அந்த இடத்துல நிறுத்தக் கூடாது. எழுதலைன்னா கடைப் பயலுவ பைக்கைப் பூராவும் கொண்டாந்து சாத்திருவானுவ."

எழுதினேன். கடைசியாக, எங்களுக்குத் தேவைப்பட்டால் ஒரு மாத அவகாசத்தில் காலி செய்து தர வேண்டியது என்ற வரியும் அவர் சொல்லித்தான் எழுதினேன்.

கடிதத்தை நானே மேலே கொண்டு போனேன். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசித்தார். "எழுத்து முத்து முத்தா இருக்கே தங்கச்சி" என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன தங்கச்சி, கார் வந்து எறங்குமுன்னயே காலி பண்ணச் சொல்லுதிய?"

அடுக்களையிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. "பொண்ணு வீட்டுக்கு வருமுன்னயே எப்பம்மா போவேன்னு கேட்ட கதையால்லா இருக்கு!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதில் குத்தல் எதுவும் இல்லை. ஆனால் எனக்கு முகம் கொதித்தது. வந்த வீட்டில் வைத்து அவர்களை நம்பவில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டதே என்று நினைத்தேன். எங்கள் ஊரில் ஒருவரை முகத்துக்கு நேரே நம்பாமல் பேசுவது கன்னத்தில் அடிப்பதற்குச் சமம். அதுவும் பண்டம் பலகாரம் கொடுத்து வாங்கும் அண்டை வீடு.

"அது சும்மா எழுதுனது அண்ணாச்சி" என்று சொல்லி, அவர் கையிலிருந்த பேனாவையே வாங்கி அந்த வரியை அடித்தேன்.

"அடிச்ச எடத்துல ஒரு கையெழுத்து போட்டிருங்க. நாளைக்கு ஆரும் ஒண்ணும் கேக்கக் கூடாது" என்றார். போட்டேன். பக்கத்தில் அவரும் போட்டார். ஒரு பிரதியைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்து, காருக்கு ஸ்டிக்கர் வாங்கினார்கள். என் வீட்டுக்காரரிடம் எல்லாம் முடிந்தது என்று மட்டும் சொன்னேன்.

குறை சொல்லக் கூடாது. அண்ணாச்சி ஐந்தாம் தேதியைத் தாண்டவிட்டதே இல்லை. வெள்ளைக் கார் கோட்டுக்குள் அச்சடித்தாற்போல் நிற்கும். எதிரில் பார்த்தால், "தங்கச்சி, உங்க எடத்துல எங்க மகாராணி சுகமா இருக்கா" என்பார். நான் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவேன்.

ஐப்பசியில் என் வீட்டுக்காரர் ஊருக்கு வந்தார். விடுமுறைக்கு அல்ல. சர்க்கரை வியாதியில் வலது கால் விரலில் வந்த புண் மேலே ஏறி, அங்கேயே முழங்காலுக்குக் கீழ் எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகுதான் எனக்குச் சொன்னார். கம்பெனி கணக்கை முடித்து அனுப்பிவிட்டது. திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து வந்த வண்டி எங்கள் லிப்டுப் பக்கம் நிற்க இடமில்லாமல் வாசலில் நின்றது. இரண்டு கக்கத்திலும் கட்டையை ஊன்றி இறங்கினார். லிப்டுக்குப் போகும்போது அந்த வெள்ளைக் காரைப் பார்த்து, "இதுதானா அது? நல்லா வச்சிருக்காக" என்றார்.

முதல் சில வாரம் சன்னலோரமே இருந்தார். அப்புறம் ஒரு நாள், "பக்கத்துல ரெண்டு சக்கரம் வச்ச ஸ்கூட்டர் எடுத்திருவோம்" என்றார். எடுத்தோம். ரிஜிஸ்ட்ரேஷன் புத்தகத்தில் மாற்றுத்திறனாளி வண்டி என்று மாற்றி எழுதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதல் வெள்ளிக்கிழமை யாருடைய துணையும் இல்லாமல் மேலப்பாளையத்துக்கு ஜும்ஆவுக்குப் போய்விட்டு வந்தார். தொழுகை முடிந்து கூட்டாளிகளோடு டீக்கடையில் இருந்திருக்கிறார். சட்டைப்பையில் எனக்கு ஒரு பொட்டலம் அல்வா. "எல்லாப் பயலும் அங்கனதான் இருக்கான். ஒருத்தன்கூட என் காலைப் பத்திக் கேக்கல. பழைய பாக்கியைக் கேக்கான்" என்று சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

வண்டியை எங்கே நிறுத்துவது என்பதுதான் சிக்கல். இரு சக்கர வண்டிகளுக்கு விட்ட கோட்டுக்குள் அது அடங்கவில்லை. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவரோரம் திறந்தவெளியில் இடம் காட்டினார்கள். அங்கிருந்து லிப்டுக்கு வர வழவழப்பான ஓடு பதித்த தளம். கூரை கிடையாது. நடுவில் இரண்டு படி. ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் அவர் கட்டையை ஊன்றி வருவார். மழைக்காலம் ஆரம்பித்திருந்தது.

நான் மேலே போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

"அண்ணாச்சி, அவுகளுக்கு வண்டி நிறுத்த... அந்த எடம் எங்களுக்கு வேணும்."

அவர் பதறியபடி எழுந்து உட்காரச் சொன்னார். கால் போனதைப் பற்றி நெஞ்சாரப் பேசினார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டது. பிறகு சொன்னார்.

"ஆனா தங்கச்சி, அந்த எடத்தை நம்பித்தான நான் காரே எடுத்தேன்? இப்பம் தூக்கிட்டு எங்கன போவேன்? பதினொரு மாசம்னு எழுதியிருக்கு. முடிஞ்ச அன்னைக்கி வந்து நான் நின்னா என்னைச் செருப்பால அடிங்க."

"ஒரு மாசத்துல..." என்று இழுத்தேன்.

"அந்த வரியை நீங்கதான அடிச்சிய?" என்றார் பைய. கோபமே இல்லை. கணக்குச் சரிபார்க்கிற குரல்.

வாட்ச்மேன்தான் இன்னொரு வழி சொன்னார். "யம்மா, அது மூலை எடம்லா. காரைத் தூணோரமா ஒட்டி நிறுத்துனா செவரோரம் உங்க வண்டி தாராளமா நிக்கும். நான் தடி வச்சி அளந்தே பாத்துட்டேன்." எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. யாருக்கும் நஷ்டமில்லாத வழி. செயலாளரிடம் சொன்னேன். அவர் தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர்டு ஆனவர். இரண்டு பேரையும் கீழே வரச் சொன்னார். என் வீட்டுக்காரரை நான் கூப்பிடவில்லை. சங்கத்து அலமாரியிலிருந்து பிரதியை எடுத்துக்கொண்டு வந்து, அந்தக் காரின் பக்கத்தில் நின்றே செயலாளர் வாசித்தார். என் எழுத்தை இன்னொருவர் சத்தமாக வாசிப்பது அது இரண்டாவது தடவை.

"காரைத் தவிர வேறு வண்டி எதுவும் அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது." வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது ஆரு எழுதுனது?"

"நான்தான்."

"இது அண்ணாச்சி பைக் நிறுத்தக் கூடாதுன்னுதான எழுதியிருப்பிய?"

"ஆமா."

"அப்படி எழுதலியே வே" என்று குறுக்கே விழுந்தார் அண்ணாச்சி. "வேறு வண்டி எதுவும்னுதான இருக்கு. யாரோட வண்டின்னு இருக்கா? இவ்வளவு நாளும் என் கடைப் பையன் பைக்கை ஒரு நிமிசம் நிறுத்த விட்டிருப்பேனா? கேளும் வாட்ச்மேன்ட்ட. நான் எழுத்துப்படி இருந்திருக்கேன். எல்லாரும் எழுத்துப்படி இருக்கட்டும்."

"சரிதான் வே. ஆனா அவாளுக்குச் சொந்த எடம். மனுசனுக்குக் கால் இல்ல."

"அதுக்குத்தான வே நான் பயப்படுதேன். கட்டையை எங்கனயாவது சாத்துவாக, சரிஞ்சி விழும். கார்ல கோடு விழுந்தா அவுகள்ட்ட போயி நான் காசு கேக்க முடியுமா? பாவத்தை ஏன் தேடணும்?"

செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். உடைமைக்காரரும் வாடகைக்காரரும் எழுதிக்கொண்டதைச் சங்கம் மாற்ற முடியாது, இருவரும் ஒத்துக்கொண்டு கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் உடனே பதிந்துகொள்கிறேன் என்றார். அண்ணாச்சி காரின் மேல் ஒட்டியிருந்த ஒரு காய்ந்த இலையை எடுத்துப் போட்டார். நான் ஏதாவது சொல்வேன் என்று செயலாளர் காத்திருந்தார். நான் படிப் பக்கம் திரும்பிவிட்டேன். இப்போது அடுப்படியில் நிற்கும்போது சொல்ல எத்தனையோ வருகிறது.

மேலே வந்து என் வீட்டுக்காரரிடம் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வரியை அடித்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கையெழுத்து போட்டுக் குடுத்தாச்சில்லா? அப்பம் அது குடுத்ததுதான். வாக்கு மாறக் கூடாதுளா. பங்குனி சித்திரை வரைக்கும்தான? போயிட்டுப் போகுது."

"மழையில எப்படிப் போவிய?"

"மழை எனக்கு மட்டுமா பெய்யுது?"

அண்ணாச்சி மேல் வந்த கோபத்தைவிட அந்தப் பெருந்தன்மையின் மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. கால் எடுத்ததை மறைத்தவர், வலியைக் காட்டாதவர், இதிலும் யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைத்தார். அந்தப் பாரத்தை யார் சுமப்பது என்று நினைக்கவில்லை.

கார்த்திகை கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஆற்றில் வெள்ளம் போகிறது என்று எல்லாரும் பாலத்துக்குப் பார்க்கப் போயிருந்தார்கள். காலையில் மழை விட்டிருந்தது. ஜும்ஆ முடிந்து அவர் திரும்பும்போது மறுபடி பிடித்துக்கொண்டது. நான் குடையோடு கீழே இறங்கினேன். சுவரோரம் வண்டியை நிறுத்திவிட்டு வந்துகொண்டிருந்தார். குடையைப் பிடிக்க நான் பக்கத்தில் போனால் கட்டைக்கு இடமில்லை. "நீ தள்ளிக்கோ" என்றார். தள்ளினேன். இரண்டாவது படியில் இடது கட்டை வழுக்கியது. எடுத்த காலின் முனை படியின் விளிம்பில் மோத, அப்படியே உட்கார்ந்தார். அல்வாப் பொட்டலம் தண்ணீரில் விழுந்தது. வாட்ச்மேனும் நானும் சேர்ந்து தூக்கினோம். சத்தம் கேட்டு அண்ணாச்சியும் படியிறங்கி ஓடிவந்தார். அவருடைய காரிலேயே ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சீட்டு நனைகிறதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த இடத்திலிருந்து கார் வெளியே வந்தபோது, சுவரோரம் எவ்வளவு இடம் கிடந்தது என்பதை நான் பார்த்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தையல் பிரிந்து, சீழ் வைத்து, ஆறுவதற்குத் தை பிறந்துவிட்டது. செயற்கைக் கால் அளவெடுக்க வரச் சொன்ன தேதி தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் அவரே வேண்டாம் என்றுவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பதிலாக வீட்டிலேயே லுஹர் என்ற நடுப்பகல் தொழுகையைத் தொழுதுகொண்டார். கூட்டாளிகள் இரண்டு தடவை வந்து பார்த்தார்கள். பிறகு போன் செய்தார்கள். பிறகு அதுவும் குறைந்தது. வண்டி சுவரோரம் மழையிலும் வெயிலிலும் நின்று, சீட்டு வெடித்தது.

நோன்பு வந்தது. வருசா வருசம் மேல்மாடிக்கு நோன்புக் கஞ்சி கொடுப்போம். அந்த வருசம் நான் ஊற்றவில்லை. "கஞ்சி குடுத்தாச்சா?" என்று கேட்டார் அவர். இல்லை என்றேன். "குடு" என்றார். தூக்குச்சட்டியை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டேன். சட்டியை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று அந்த அம்மா ஆப்பிளாக நிரப்பி அனுப்பியது. அதை அப்படியே வாட்ச்மேன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

பதினோராவது மாதக் கடைசி நாள் காலையில் அண்ணாச்சி காரை எடுத்துவிட்டார். சொன்ன சொல் தவறவில்லை. வாட்ச்மேனை வைத்து இடத்தைக் கழுவிவிட்டு, எண்ணெய்க் கறை ஒன்றுகூட இல்லாமல் துடைத்துவைத்தார். அன்று சாயங்காலமே புதுக் கடிதத்தோடு வந்தார். கம்ப்யூட்டரில் அடித்தது. பெரும்பாலும் நான் எழுதிய வரிகள்தான். வாடகை கூடியிருந்தது.

"இந்தத் தடவ அந்த ஒரு மாச அவகாச வரியை நானே சேத்துட்டேன் தங்கச்சி. வேணும்னா எப்பம்னாலும் கேளுங்க. வேற வண்டி நிறுத்தக் கூடாதுங்கதையும் எடுத்துட்டேன்."

தாளை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு அன்று என்ன தேவைப்பட்டதோ அதெல்லாம் இருந்தது.

"எடம் குடுக்கதா இல்ல அண்ணாச்சி."

"வண்டியா? அதான் ஓட்டலியே அவுக. எடம் சும்மாதான கெடக்கப் போவுது?"

"கெடக்கட்டும்."

அவர் தாளைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டார். அவரிடம் நான் தலையை நிமிர்த்திப் பேசிய ஒரே சொல் அதுதான். அதைச் சொல்ல அவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டாம்.

உள்ளேயிருந்து, "ஆருளா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். சொன்னேன். "குடுத்திருக்கலாம்லா. வீட்டுச் செலவுக்கு ஆகும்" என்றார். நியாயம்தான். சம்பளம் நின்றுபோன வீட்டில் அந்த வாடகை மாத்திரைக்காவது ஆகும். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

இப்போது அந்த மூலையில் சுவரோரம் எங்கள் ஸ்கூட்டர் நிற்கிறது. தூணோரம் காலி. அண்ணாச்சியின் வெள்ளைக் கார் வேப்பமரத்தடியில் எச்சம் வாங்குகிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் வருவதில்லை. வர வேண்டும் என்று தெரியும்.

பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று வாரத்துக்கு ஒரு நாள் இறங்கிப் போய் வண்டியை ஸ்டார்ட் செய்து ஓட விடுகிறேன். வெள்ளிக்கிழமைதான் எனக்கு வசதி. தூண்களுக்கு நடுவே அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் முதல் மாடியில் எங்கள் சன்னலை அவர் சாத்துகிற சத்தமும் கேட்கும்.